மாற்றலாகிப் போகும் வங்கி மேலாளருக்கு ஒரு மடல்

பல வருஷங்களுக்கு முன் எங்கள் கடைத்தெரு வங்கிக் கிளையின் மேலாளர் ஒருவர் மாற்றலாகிப் போனார். வழியனுப்பு மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியரை ஊர் வேறு எதற்குத் தேடப்போகிறது? நானும் மனம்விட்டு எழுதினேன். மூன்றாவது பத்தியில், "பத்திரம், பட்டா என்று அலையவிடாமல் முகத்தைப் பார்த்தே கடன் கொடுத்த வள்ளல்" என்று ஒரு வரி. வாசித்தபோது கைதட்டல் எழுந்தது அந்த வரிக்குத்தான். மேலாளரும் சிரித்தபடி மடலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போன். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்த மூணாவது பாராவை எடுத்துட்டு வேற ஒண்ணு அடிச்சுத் தர முடியுமா? இதை நானே கிழிச்சுப் போட்டுடறேன். போட்டோ எடுத்தவங்ககிட்டயும் கொஞ்சம் சொல்லிடுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர்தான் பொறுமையாகச் சொன்னார். கடன் தவணை கட்டாமல் 90 நாள் தாண்டினால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். குறுகிய காலப் பயிர்க்கடன் என்றால் இரண்டு சாகுபடிப் பருவம் வரை பொறுப்பார்கள். அதற்குப் பிறகு கடனை மட்டும் பார்ப்பதில்லை, கொடுத்தவரையும் பார்ப்பார்கள். தாள்கள் சரியாக வாங்கினாரா, நிலத்தைப் போய்ப் பார்த்தாரா என்று கேள்வி வரும். அவர் அதற்குள் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் பின்னாலேயே போகும். அந்த நேரத்தில், "இவர் பத்திரம் பார்க்காமலே கொடுத்தார்" என்று ஊரே கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வெளியில் கிடந்தால்? உண்மையில் அவர் எல்லாத் தாளும் வாங்கித்தான் கொடுத்திருந்தார். வள்ளல் என்ற சொல்லுக்கு முட்டுக்கொடுக்க நான் சேர்த்த அலங்காரம் அது.

ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் எழுதும் வழியனுப்பு மடலிலிருந்து வங்கி மேலாளருக்கு எழுதுவது வேறுபடும் இடம் இதுதான். ஆசிரியரை "விதியைப் பார்க்காத மனசு" என்று புகழ்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மேலாளர் கையாள்வது அடுத்தவர் பணம். விதியை மீறினார் என்று நன்றி சொல்வது அவர்மேல் புகார் எழுதுவதற்குச் சமம்.

அன்பில்தான் இந்த வரிகள் வருகின்றன என்பதால் கண்ணுக்குத் தெரியாது. "ஞாயிற்றுக்கிழமைகூடப் பெட்டகத்தைத் திறந்து கல்யாணத்துக்கு நகையை எடுத்துக் கொடுத்தார்" என்பார்கள். பெட்டகச் சாவி இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது, நினைத்த நேரத்தில் திறக்கவும் கூடாது. "கையெழுத்து மாறியிருந்தும் ஆளைத் தெரியுமென்று பணம் கொடுத்தார்" என்பார்கள். "ஏலத்துக்குப் போக வேண்டிய நகையை எங்களுக்காக நிறுத்திவைத்தார்" என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பாதி நடந்தே இருக்காது, மீதி விதிப்படியே நடந்திருக்கும். ஏலத்தை அவர் நிறுத்தவில்லை. அறிவிப்புக் கடிதம் அனுப்பியதோடு விடாமல் ஆளை வைத்துப் போன் பண்ணச் சொன்னார், நகைக்காரர் வந்து பணத்தைக் கட்டி மீட்டுக்கொண்டார். எழுத வேண்டியது அந்தப் போன் அழைப்பை.

ஆக, முதல் வேலை பேனாவை எடுப்பதல்ல. நாலு பேரைப் பார்த்து, "என்னதான் செஞ்சார்?" என்று கேட்பது.

என்ன செய்தார் என்று கேட்பது

அண்மையில் எழுதிய ஒரு மடலை வைத்தே இதைச் சொல்கிறேன். திருவையாறு பக்கம் ஒரு சிற்றூரின் பொதுத்துறை வங்கிக் கிளை. மேலாளர் ஒரு பெண்மணி, குண்டூர்க்காரர். வந்தபோது தமிழில் "வாங்க, உக்காருங்க" மட்டும் தெரியும். மூன்று வருஷத்தில் வாழைத்தார் மண்டிக்காரர்களோடு பேரம் பேசும் அளவுக்குப் பழகிவிட்டார். இப்போது ராஜமுந்திரிக்கு மாற்றல். பெரும்பாலான வங்கிகளில் மேலாளரை மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே கிளையில் வைப்பதில்லை என்பதால் எதிர்பார்த்ததுதான்.

மண்டிக்காரர், மகளிர் சுய உதவிக்குழுத் தலைவி, ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவருடைய மகன் என்று மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். கையில் ஏற்கெனவே டி.டி.பி. கடையில் அடித்த ஒரு தாள். கடைக்காரரிடம் கல்யாண வாழ்த்து மடலுக்கென்று வைத்திருக்கும் வார்ப்பு ஒன்று உண்டு. மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் மேலாளர் பெயரைப் போட்டிருந்தார். "கருணைக் கடலே! கடமைச் சுடரே! விதியை மீறி வீட்டுக்கே வந்து ஓய்வூதியம் காத்த தெய்வமே! ஏழை விதவைக்கு இரண்டு லட்சம் வாங்கித் தந்த அன்னையே! உம்மைப்போல் மேலாளர் இக்கிளை கண்டதில்லை, இனிக் காணப்போவதுமில்லை!" கீழே குத்துவிளக்குப் படம்.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதற்குள் இரண்டு உண்மையான சம்பவங்கள் கிடந்தன. அவற்றை வெளியே எடுப்பதுதான் வேலை.

"வீட்டுக்கே வந்து" என்பதை முதலில் கேட்டேன். ரயில்வேக்காரரின் மகன் சொன்னார். அப்பாவுக்கு வயது 84. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். ஒவ்வொரு வருஷமும் உயிர்வாழ் சான்று கொடுத்தால்தான் ஓய்வூதியம் தொடரும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். அப்பாவை வேனில் தூக்கிவைத்துக் கொண்டுபோகலாமென்று வாடகை விசாரிக்கக் கடைத்தெருவுக்கு வந்தவர், வழியில் கிளைக்குள் எட்டிப்பார்த்துக் கேட்டிருக்கிறார். மேலாளர், "தூக்கிட்டு வராதீங்க, எங்க ஆள் வருவாங்க" என்று சொல்லி அந்த வியாழக்கிழமையே ஒரு அலுவலரை வீட்டுக்கு அனுப்பினார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு வேலை முடிந்தது.

இதில் எங்கே விதிமீறல்? 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டிலேயே சேவை தர முயல வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. உயிர்வாழ் சான்று வாங்குவதும் அதில் உண்டு. பல கிளைகளில் ஆள் இல்லை என்று தட்டிக்கழிப்பார்கள். இந்த அம்மா தட்டிக்கழிக்கவில்லை, அவ்வளவுதான். மடலில் "விதியை மீறி" என்பதை அடித்து, "தூக்கிட்டு வராதீங்க" என்று அவர் சொன்ன வார்த்தையை வைத்தேன். சிரமமில்லாமல் பாராட்டு இரண்டு மடங்கு கனமாகிவிட்டது.

அடுத்தது இரண்டு லட்சம். இதைச் சுய உதவிக்குழுத் தலைவி சொன்னார். குழுவில் ஒரு பெண்ணின் கணவர் 47 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். கணக்கில் கிடந்த மூவாயிரத்துச் சொச்சத்தை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடலாமென்று அந்தப் பெண் பாஸ்புக்கோடு கிளைக்கு வந்தார். மேலாளர் பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டே போய் மே மாதப் பக்கத்தில் விரலை வைத்தார். 436 ரூபாய் பிடித்தம். "இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் வருஷ சந்தா அது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாரிசுக்கு இரண்டு லட்சம். கணவர் எப்போதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. மேலாளரே படிவத்தை எடுத்துவைத்து, என்னென்ன தாள் வேண்டுமென்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். பணம் வந்தது.

"வாங்கித் தந்த அன்னை" என்று எழுதினால், ஏதோ தன் செல்வாக்கில் வாங்கித் தந்த மாதிரி இருக்கிறது. பணம் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய பணம். மேலாளர் செய்தது பாஸ்புக்கை ஒழுங்காகப் பார்த்தது. மூடப்போகிற கணக்கின் பாஸ்புக்கை யார் அவ்வளவு பார்க்கிறார்கள்? எழுதத் தக்கது மே மாதப் பக்கத்தில் வைத்த அந்த விரல்.

ஆனால் இது இன்னொருவர் வீட்டு விஷயம். எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடமே ஆள் அனுப்பிக் கேட்டேன். வந்த பதில் இது: "தாராளமா எழுதச் சொல்லுங்க. எம் பேரும் எவ்ளோ வந்துச்சுன்னும் வேண்டாம். என் கொழுந்தனார் இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கார்." கடன், வைப்புத்தொகை, காப்பீடு, நகை எதுவானாலும் தொகையும் பெயரும் மடலில் வரக் கூடாது. நீங்கள் பெருமையாக எழுதுகிற தொகை, இன்னொருவர் வீட்டில் சண்டையாகும்.

மூன்றாவதாக மண்டிக்காரரைக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்து, "எனக்குன்னு ஒண்ணும் பெரிசா செய்யலைங்க. ஒரு தடவை கடன் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தாங்க. வெளியில நிலுவை அதிகமா நிக்குது, அதை வசூல் பண்ணிட்டு வாங்கன்னாங்க. ஆறு மாசம் கழிச்சுப் போனேன். கிடைச்சுது." இவ்வளவையும் ஒன்றுமில்லை என்கிறார் மனுஷர்! முடியாது என்று சொன்னதற்கு நன்றி சொல்கிற மடலை எந்த மேலாளரும் அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். அதையும் சேர்த்தேன், தொகை இல்லாமல்.

எழுதும் மொழி

இந்த மேலாளருக்குத் தமிழ் பேச வரும். படிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். பேருந்துப் பலகை படிப்பார், நாளிதழ் கடினம். இப்போது வெளிமாநிலத்து அதிகாரிகள் பல கிளைகளில் இருப்பதால் இதை யோசித்தே ஆக வேண்டும். தெலுங்கில் யாரையாவது எழுதச் சொல்லலாமா என்றார் மண்டிக்காரர். வேண்டாம் என்றேன். அவர் கஷ்டப்பட்டுப் பழகியது நம் மொழியை; அதில் எழுதிக் கொடுப்பதே மரியாதை. ஆனால் அவர் தனியாக உட்கார்ந்து படிக்கும்படி இருக்க வேண்டும். சின்ன வாக்கியங்கள். "தங்களின் அளப்பரிய சேவையுணர்வு" போன்ற வழுக்குச் சொற்கள் கிடையாது. எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு, ஒரே பக்கம்.

விடுநர், பெறுநர், பொருள் என்று தொடங்கினால் மனு வாசம் அடிக்கும். எல்லோரும் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே தொடங்கலாம். இறுதியில் எங்கள் கைக்கு வந்த வடிவம் இது:

"அன்புள்ள மேனேஜர் அம்மா அவர்களுக்கு,

காவிரிக் கரையிலிருந்து கோதாவரிக் கரைக்குப் போகிறீர்கள். அங்கும் நெல்லும் வாழையும் இருக்கும். எங்களைப்போல் சீட்டெழுதத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

படுக்கையில் இருந்த பெரியவரை வேனில் ஏற்றிக் கொண்டுவரப் பார்த்தோம். 'தூக்கிட்டு வராதீங்க' என்றீர்கள். உங்கள் அலுவலர் வீட்டுக்கு வந்து சான்று வாங்கிப் போனார். அந்தப் பெரியவர் உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார்.

கணவரை இழந்த எங்கள் ஊர்ப் பெண் கணக்கை முடிக்க வந்தார். நீங்கள் அந்தப் பாஸ்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தீர்கள். அவருக்கே தெரியாமல் அதில் இருந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துச் சொன்னீர்கள். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள்.

எங்களில் ஒருவருக்குக் கடன் இல்லை என்றீர்கள். ஏன் இல்லை என்பதை அரைமணி நேரம் கணக்கு நோட்டை வைத்து விளக்கினீர்கள். அவர் இப்போது நோட்டை ஒழுங்காக எழுதுகிறார்.

முதல் நாள் உங்களுக்குத் தமிழ் தெரியாது. இன்று எங்கள் பாட்டிகளின் பெயர் எல்லாம் தெரியும்.

கிளையில் உங்களோடு வேலை பார்த்த எல்லோருக்கும் எங்கள் நன்றி. புதிதாக வருகிறவரை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் கிளையின் வாடிக்கையாளர்கள்"

கடைசிப் பத்திக்கு ஒரு காரணம் உண்டு. முதல் தாளில் "இனிக் காணப்போவதுமில்லை" என்று இருந்ததல்லவா? மடல் வாசிக்கும்போது புதிய மேலாளர் அனேகமாகப் பக்கத்தில் நிற்பார். பொறுப்பு வாங்க வந்தவர் முதல் நாளே தன்னைப் பற்றிய தீர்ப்பைக் கேட்க வேண்டுமா? முன்பிருந்தவரோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். அவருடைய உறவுக்காரர் ஒருவர் கூட்டத்தில் இருப்பார். கிளையில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி எழுதத் தொடங்கினால் நகை மதிப்பீட்டாளர் பெயர் விட்டுப்போகும், அல்லது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் அம்மா பெயர் விட்டுப்போகும். "எல்லோருக்கும்" என்பதே பாதுகாப்பு.

கோரிக்கை எதுவும் இதில் நுழையக் கூடாது. "போகிற போக்கில் எங்கள் ஏ.டி.எம். விஷயத்தையும் மேலே சொல்லிவிட்டுப் போங்கள்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஒருவர் மூன்று முறை வந்தார். மறுத்துவிட்டேன்.

மாற்றலை ரத்து செய்யச் சொல்லி மண்டல அலுவலகத்துக்கு மனு போடலாமா என்றும் கேட்பார்கள். போடாதீர்கள். தன் பணி விஷயத்தில் வெளியாட்களைக் கொண்டு மேலிடத்தை நெருக்கக் கூடாது என்பது அதிகாரிகளுக்கு உள்ள நடத்தை விதி. ஊர் தானாகவே போட்ட மனு என்றாலும் அவர் தூண்டிவிட்டதாகத்தான் பார்ப்பார்கள். மேலிடத்துக்குத் தெரிய வேண்டுமென்ற ஆசை இருந்தால் அவர் புது ஊரில் சேர்ந்த பிறகு, வேறொரு கடிதமாக, மண்டல மேலாளருக்கு எழுதலாம். அதில் ஆசியும் வேண்டாம் ஆறும் வேண்டாம். இன்ன மாதம், இன்ன கிளை, படுக்கையிலிருந்த ஓய்வூதியருக்கு வீட்டில் வந்து சான்று வாங்கினார்கள், நன்றி என்று ஐந்து வரி. இந்தக் கடிதத்தில் ரயில்வேக்காரரின் மகன் தன் பெயரையும் முகவரியையும் போட்டே கையெழுத்திட வேண்டும். ஊர் பேரில் போகும் பாராட்டைவிடத் தன் பெயரில் ஒருவர் எழுதும் சம்பவத்துக்கு அங்கே மதிப்பு.

கையெழுத்து

கையெழுத்துத் தாளில்தான் நான் பார்த்த தவறுகள் அதிகம்.

மடல் எழுதி முடிப்பதற்குள் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிடுவார்கள். ஓர் ஊரில் அப்படி வாங்கியதில் மிஞ்சிய தாள் இரண்டு, டாஸ்மாக் கடையை மாற்றச் சொல்லும் மனுவின் பின்னால் போய்ச் சேர்ந்தது. நோக்கம் நல்லதுதான், ஆனாலும் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியாதே! கையெழுத்துத் தாளின் தலைப்பிலேயே "மேலாளர் அவர்களுக்கு வழியனுப்பு மடல்" என்று அச்சிட்டுவிடுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். மடலைக் கொடுத்த அரைமணி நேரத்தில் அதன் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிடும். அதில் இருப்பது யார் கையெழுத்து? அந்த வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுடைய, காசோலையில் போடுகிற அதே கையெழுத்து. பார்த்துப் பழகிப் போடுவதற்கு இதைவிட நல்ல மாதிரி வேண்டுமா? ஆகவே கையெழுத்துப் போட வேண்டாம், பெயரை முத்து முத்தாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டோம். கணக்கு எண்ணும் செல் நம்பரும் கூடாது. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் பெயருக்குக் கீழே கணக்கு எண்ணை எழுதிவிட்டார்கள். அந்தத் தாளைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

எழுதத் தெரியாத பாட்டிமார் நாலைந்து பேர். வங்கியில் அவர்களுக்குப் பெருவிரல் ரேகைதான் கையெழுத்து. அதை இங்கே வைக்கவிடக் கூடாது. குழுத் தலைவி நல்ல வழி கண்டுபிடித்தார். பெயரை அவர் எழுதினார். பக்கத்தில் பாட்டிகள் மோதிர விரலால் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு வைத்தார்கள். தாள் முழுக்கக் கறுப்பு மையில் பெயர்கள், ஓரமாக ஐந்து சிவப்புப் பொட்டு. மேலாளர் வெகுநேரம் பார்த்தது அந்தப் பொட்டுகளைத்தான்.

கொடுப்பது

மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது நம் வழக்கம். மூன்று வருஷத்துக்கொரு முறை வீடு மாறுகிறவரிடம் அப்படி எத்தனை சட்டம் சேர்ந்திருக்கும்! லாரியில் பாதி உடைந்துவிடும். கனமான தாளில் அச்சிட்டு, ஒரு பிளாஸ்டிக் கோப்பில் செருகிக் கொடுத்தால் போதும்.

பரிசு விஷயத்தில் கை நீளக் கூடாது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் பாராட்டு மடல் வாங்குவதற்கே முன் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. மாற்றலிலோ ஓய்விலோ போகிறவருக்குத் தனிப்பட்ட முறையில் நடத்துகிற எளிய வழியனுப்புக்கு விலக்கு உண்டு. பொதுத்துறை வங்கி அதிகாரிகளுக்கென்று தனி நடத்தை விதிகள் இருக்கின்றன. அதனால் ஏற்பாடு செய்வதற்கு முன் மேலாளரிடமே, "இப்படிச் செய்யலாமா அம்மா?" என்று கேட்டுவிடுவதுதான் சரி. தங்கக் காசு, வெள்ளி விளக்கு, கடைத்தெருவில் பிளெக்ஸ், மண்டபம் பிடித்து மேடை எதுவும் வேண்டாம். வசூல் தொடங்கியது என்றாலே கடன் பாக்கிக்காரர் பெரிய தொகை எழுதுவார். அது யாருக்கும் நல்லதல்ல. எங்கள் செலவு, தாளும் அச்சும் போக, கிளையில் உள்ளவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பொட்டலம் அசோகா. திருவையாற்றுப் பக்கம் வேறு எதைக் கொடுப்பது?

நாளும் நேரமும் பார்க்க வேண்டும். கடைசி நாள் என்பது மேலாளருக்கு மிக மோசமான நாள். பொறுப்பு ஒப்படைப்பு நடக்கும். ரொக்கம் எண்ண வேண்டும், சாவி கைமாற வேண்டும், நகைக் கடன் பொட்டலங்களைப் பட்டியலோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். அந்த நேரத்தில் முப்பது பேர் மாலையோடு உள்ளே வந்தால் எண்ணிக்கை தவறும். மாதத்தின் முதல் வாரமும் ஆகாது, ஓய்வூதியக் கூட்டம் இருக்கும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, கவுன்ட்டர் மூடிய பிறகு, ஆறேழு பேர் போதும். வாசிப்பவர் நிறுத்தி வாசிக்க வேண்டும். மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. உயரதிகாரி யாராவது வந்திருந்தால் அவரைப் புகழத் தொடங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, தேதி. மாற்றல் ஆணை வந்துவிட்டது என்பதாலேயே ஆள் கிளம்பிவிட மாட்டார். பதிலுக்கு வருகிறவர் அவருடைய கிளையிலிருந்து விடுபட வேண்டும். அங்கே இன்னொருவர் வந்து சேர வேண்டும். சங்கிலிபோல் இழுக்கும். எங்கள் மேலாளர் வெள்ளிக்கிழமை போகிறார் என்று புதன்கிழமை மாலை எல்லோரும் தயாரானோம். மதியம் தகவல் வந்தது, வருகிறவருக்கு இன்னும் விடுவிப்பு ஆகவில்லை, பத்து நாளாவது ஆகும் என்று. மடலில் தேதியை அச்சிடாமல் இடம் விட்டுவைத்திருந்தேன், பழைய அனுபவம். கோப்போடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். பன்னிரண்டாம் நாள் எடுத்துப் பேனாவால் தேதி போட்டேன். அசோகாவைத்தான் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது.